(1 − cos x)/x² இன் எல்லை: அரைக்கோணத்தால் செய்யும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். உயர்தர இணைந்த கணிதம். ஒவ்வொரு வருடமும் இந்த ஒரு கணக்கில் வந்து வகுப்பு நின்றுவிடும். கணக்கு மூன்று வரிதான், கேள்விகள்தான் முப்பது. திரும்பத் திரும்ப வந்தவற்றை, பிள்ளைகள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். இதில் log, ln எதுவும் இல்லை. கோணம் எல்லாம் ஆரையனில்தான் (பாகை பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது).

ரீச்சர், x க்கு 0 போட்டா 0/0 வருது. அப்ப விடை இல்லையெண்டு எழுதலாமோ?

எழுதக்கூடாது. 0/0 வந்தால் "நேரே பிரதியிட்டு விடை எடுக்க முடியாது" என்று மட்டும்தான் பொருள். தொகுதியும் பகுதியும் இரண்டும் பூச்சியத்தை நோக்கிப் போகின்றன. எது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் கேள்வி.

x = 1 என்று போட்டால் 0.4597 வரும். x = 0.5 போட்டால் 0.4897. x = 0.1 போட்டால் 0.4996. எண்கள் 0.5 பக்கம் நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் தெரிவது நிறுவல் ஆகாது. 0.5 க்குச் சற்றுக் கீழே வேறொரு எண்ணில் போய் நின்றுவிடாது என்று யார் சொன்னது? அதற்குத்தான் அரைக்கோணம்.

அரைக்கோணம் எதுக்கு? கணக்கில x தானே கிடக்குது, x/2 எங்கயிருந்து வந்தது?

நமக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு அடிப்படை எல்லை: t → 0 ஆகும்போது sin t / t → 1. அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் தொகுதியில் sin இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ 1 − cos x, அதாவது ஒரு கழித்தல். கழித்தலை sin ஆக மாற்றித் தரும் சர்வசமன்பாடு ஒன்று ஏற்கனவே தெரியும்:

cos 2A = 1 − 2 sin²A

இதில் 2A இருக்கிற இடத்தில் x ஐ வைத்தால் A என்பது x/2 ஆகிவிடும். இடம் மாற்றினால்

1 − cos x = 2 sin²(x/2)

x/2 வெளியிலிருந்து வந்தது அல்ல. இருமடிக்கோணச் சூத்திரத்தை மறுபக்கமாக வாசித்தால் வருவது. இதை வாசித்துப் பழகிய பிள்ளைக்கு 1 − cos 6x என்றால் உடனே 2 sin²3x என்று கை எழுதும். பழகாத பிள்ளை 2 sin²6x என்று எழுதும். சூத்திரம் தெரிந்தும் புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொன்றையும் இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1 + cos x = 2 cos²(x/2). குறி கழித்தல் என்றால் sin, கூட்டல் என்றால் cos. சந்தேகம் வந்தால் x = 0 போட்டுப் பாருங்கள்: 1 − cos 0 = 0, sin 0 வும் 0. பொருந்துகிறது. ஐந்து விநாடி வேலை.

முழுப் படியையும் ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ ரீச்சர்.

(1 − cos x)/x²

= 2 sin²(x/2) / x²

= 2 sin²(x/2) / [4 (x/2)²]

= (1/2) · [ sin(x/2) / (x/2) ]²

x → 0 ஆகும்போது x/2 உம் 0 ஐ நோக்கிப் போகிறது. ஆகவே அடைப்புக்குள் இருப்பது 1 ஐ நோக்கிப் போகிறது. அதன் வர்க்கமும் 1. எல்லை 1/2.

மூன்றாவது வரிதான் கணக்கின் உயிர். x² ஐ 4 (x/2)² என்று எழுதுவது. sin இன் உள்ளே எது இருக்கிறதோ, கீழேயும் அதுவே இருக்க வேண்டும். sin(x/2) க்குக் கீழே x இருந்தால் அடிப்படை எல்லை செல்லாது, x/2 இருந்தால்தான் செல்லும். x = 2 · (x/2), வர்க்கித்தால் 4 · (x/2)². அந்த 4 மேலே உள்ள 2 ஐ வகுத்து 1/2 ஆக விடுகிறது.

விடைத்தாளில் ஒரு விடயம். lim என்ற குறியை எல்லை எடுக்கும் வரிவரை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். மேலே நான் கோவையை மட்டும் சுருக்கியதால் எழுதவில்லை. lim போட்டுத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டுக் கடைசியில் "= 1/2" என்று எழுதினால், (1 − cos x)/x² எல்லா x க்கும் 1/2 என்று நீங்கள் சொன்னதாகிவிடும். அது பொய்.

எனக்கு விடை 2 வருது. பக்கத்தில இருக்கிறவனுக்கு 1 வருது. ஆர் சரி?

இரண்டு பேரும் பிழை. பிழைகள் வேறு வேறு.

2 வந்தவர் sin²(x/2) / x² ஐ அப்படியே 1 என்று எடுத்திருப்பார். 4 ஐ எழுதாமல் விட்டதன் விளைவு. 1 வந்தவர் வர்க்கத்தை மறந்து x² ஐ 2 (x/2)² என்று எழுதியிருப்பார். x = 2 · (x/2) என்பதை வர்க்கிக்கும்போது 2 உம் வர்க்கிக்கப்பட வேண்டும்.

சில வேளை 1/4 உம் வருவதுண்டு. அது சர்வசமன்பாட்டில் முன்னால் நிற்கும் 2 ஐ விட்டவர்களுக்கு. ஆக விடையைப் பார்த்தே எந்த வரியில் சறுக்கினீர்கள் என்று சொல்லிவிடலாம். நான் கொப்பி பார்க்கும்போது கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த 1 − cos x = 2 sin²(x/2) ஐப் பாடமாக்கத்தான் வேணுமோ? அதுக்கு ஒரு படம் கிடையாதோ?

இருக்கிறது. எங்கள் வகுப்புக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதன் கிளையில் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். கயிற்றின் நீளம் கிளையிலிருந்து பலகைவரை சரியாக 3 மீற்றர். ஒரு நாள் பாடத்தை அங்கேயே நடத்தினோம்.

பலகை சும்மா தொங்கும் இடத்தை P என்போம். அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் இடம் Q. கயிறு நிலைக்குத்திலிருந்து விலகிய கோணம் x. கயிற்றின் நீளம் L. இப்போது ஒரு கேள்வி: பலகை எவ்வளவு மேலே வந்திருக்கிறது?

முதல் வழி. கிளையிலிருந்து Q வரையான நிலைக்குத்து ஆழம் L cos x. முன்பு ஆழம் L. ஆகவே உயர்வு h = L − L cos x = L(1 − cos x).

இரண்டாவது வழி. P இலிருந்து Q வரை அளவுநாடாவை இழுத்துப் பிடியுங்கள். அந்த நேர்கோடு ஒரு வட்டத்தின் நாண். அதன் நீளத்தை c என்போம். கிளை, P, Q மூன்றும் சேர்ந்தால் இருசமபக்க முக்கோணம், இரண்டு பக்கமும் L. கிளையிலிருந்து நாணுக்குச் செங்குத்து இறக்கினால் x இரண்டாகப் பிரிகிறது. அரை நாண் = L sin(x/2), முழு நாண் c = 2L sin(x/2). அரைக்கோணம் இங்கேதான் முதன்முதல் கண்ணில் படுகிறது.

இனி நாண் கிடையோடு என்ன கோணம் அமைக்கிறது? இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணம் 90° − x/2. P இல் கயிறு நிலைக்குத்தாக இருந்தது. ஆகவே நாண் நிலைக்குத்தோடு 90° − x/2, கிடையோடு x/2. அப்படியென்றால் உயர்வு h = c sin(x/2) = 2L sin²(x/2).

ஒரே உயர்வை இரண்டு வழியில் அளந்தோம். சமப்படுத்தி L ஐ வெட்டினால் 1 − cos x = 2 sin²(x/2). வேறு ஒன்றுமில்லை. பாடமாக்குவதில் தவறில்லை, ஆனால் மறந்துபோனால் ஊஞ்சலை நினைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் மீட்டுவிடலாம்.

படம் விளங்குது. ஆனா எல்லைக்கும் ஊஞ்சலுக்கும் என்ன தொடர்பு?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வகுப்பில் இதை முதலில் கேட்டது பின்வாங்கில் இருந்த ஒரு தங்கச்சி.

மேலே வந்த இரண்டு சமன்பாடுகளையும் பாருங்கள்: c = 2L sin(x/2), h = 2L sin²(x/2). முதலாவதை வர்க்கித்து 2L ஆல் வகுத்தால் h = c²/(2L). அண்ணளவு அல்ல, சரியாகவே சமன். நாண் தெரிந்தால் உயர்வு வந்துவிடும்.

நாங்கள் நாணைச் சரியாக 1 மீற்றராக வைத்து இழுத்துப் பிடித்தோம். கணிப்பின்படி h = 1/6 மீற்றர், அதாவது 16.7 சென்ரிமீற்றர். பலகையின் உயரத்தை நிலத்திலிருந்து முன்னும் பின்னும் அளந்தோம். பதினாறரைக்கும் பதினேழுக்கும் நடுவில் வந்தது. புளியமரத்துக்கு அது போதும். நாணை 50 சென்ரிமீற்றர் ஆக்கினால் h 4.2 சென்ரிமீற்றருக்கு இறங்குகிறது. பாதி இழுத்தால் கால்வாசி உயர்வு. கோவையின் அடியில் ஏன் x² இருக்கிறது என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, எல்லை எங்கே? நம்முடைய கோவையில் இருப்பது x², அதாவது கோணம். கோணம் தருவது வில்லை, நாணை அல்ல. பலகை நகர்ந்த வளைந்த பாதையின் நீளம் s = Lx. அப்படியானால்

(1 − cos x)/x² = hL/s² = (1/2) · (c/s)²

நாணால் வகுத்திருந்தால் hL/c² எந்தக் கோணத்துக்கும் 1/2 தான், எல்லையே தேவைப்பட்டிருக்காது. வில்லால் வகுப்பதால்தான் 1/2 க்குக் கொஞ்சம் குறைகிறது. கோணம் சிறிதாகச் சிறிதாக நாணும் வில்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, c/s → 1. நாம் எழுதும் sin(x/2)/(x/2) என்பது வேறெதுவுமல்ல, நாணுக்கும் வில்லுக்கும் உள்ள விகிதம்தான்.

எங்கள் ஊஞ்சலில்: c = 100 சென்ரிமீற்றர் என்றபோது x = 0.3349 ஆரையன், வில் 100.47 சென்ரிமீற்றர். வித்தியாசம் அரைச் சென்ரிமீற்றர் கூட இல்லை. கோவையின் பெறுமானம் 0.4953. அளவுநாடாவில் வில்லுக்கும் நாணுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு வந்துவிட்டோம், அந்தக் கோணம் கிட்டத்தட்ட 19 பாகை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அண்ணா 1 + cos x ஆல பெருக்கிச் செய்யச் சொன்னவர். அது பிழையோ?

பிழையில்லை. மேலும் கீழும் 1 + cos x ஆல் பெருக்கினால் தொகுதி 1 − cos²x = sin²x ஆகும். பிறகு (sin x / x)² · 1/(1 + cos x) என்று பிரிந்து 1 · 1/2 = 1/2. அழகான வழி. x/2 என்ற பேச்சே வராது, 4 ஐ மறக்கும் ஆபத்தும் இல்லை.

அப்படியிருந்தும் நான் அரைக்கோணத்தைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். பெருக்கும் வழியில் எல்லை எடுக்க ஒரு கூடுதல் காரணி பின்னால் தொங்கிக்கொண்டு வரும். 1 − cos x வர்க்கமூலத்துக்குள் இருந்தாலோ, ஒரே கோவையில் இரண்டு தடவை வந்தாலோ, அந்தத் தொங்கல் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தை நிரப்பிவிடும். அரைக்கோணம் ஒரே தட்டில் முழு வர்க்கமாக்கிவிடும். பரீட்சையில் எந்த வழியும் ஏற்கப்படும். வினாவே "அரைக்கோணச் சூத்திரத்தைப் பயன்படுத்தி" என்று கேட்டால் மட்டும் அண்ணாவின் வழியை மறந்துவிடுங்கள்.

மேலயும் கீழயும் வகையிட்டா ரெண்டு வரியில முடியுதே?

முடியும், விடையும் சரியாக வரும். ஆனால் லோபிட்டால் விதி நமது பாடத்திட்டத்தில் இல்லை. அதைவிட முக்கியமான ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த விதியைப் போட sin x இன் பெறுதி cos x என்பது தெரிந்திருக்க வேண்டும். அது எப்படி வந்தது? முதற்கோட்பாட்டிலிருந்து எடுக்கும்போது sin h / h → 1 என்பதும் (1 − cos h)/h → 0 என்பதும் தேவைப்பட்டன. பிறகு அந்தப் பெறுதியைக் கொண்டே இந்த எல்லைகளை நிறுவுவது, குளத்துத் தண்ணீரை அள்ளித் திரும்பக் குளத்திலேயே ஊற்றுவது போல.

விடையைச் சரிபார்க்க மட்டும் ஓரத்தில் செய்து பார்க்கலாம். பிறகு அழித்துவிடுங்கள்.

sin t / t → 1 எண்டதையும் நிறுவ வேணுமோ?

கேட்டால் மட்டும். இல்லையென்றால் தெரிந்த முடிவாகப் பயன்படுத்தலாம்.

போனில கோணத்தைப் பாகையில வைச்சுச் செய்தன். 0.00015 எண்டு வருது. போன் பழுதோ?

போன் நன்றாக இருக்கிறது. பாகையில் வைத்து x = 0.1 போட்டால் 0.0001523 வரும், எவ்வளவு சிறிதாக்கினாலும் அதற்கு அருகிலேயே நிற்கும். ஒரு பாகை என்பது π/180 ஆரையன், அதாவது 0.01745. கோவையில் x² இருப்பதால் விடை (π/180)² மடங்காகிவிடுகிறது: 0.000304617 இன் பாதி, 0.000152309.

அதாவது பாகையிலும் எல்லை உண்டு, ஆனால் அது 1/2 அல்ல. s = Lx என்று வில்லை எழுதினோமே, அது ஆரையனில் மட்டும்தான் உண்மை. நாணையும் வில்லையும் ஒப்பிடுவதுதான் இந்தக் கணக்கின் அடி என்பதால், வில்லின் சூத்திரம் மாறினால் விடையும் மாறும். போனில் செய்யும்போது RAD என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

x ஐ மிகச் சின்னனாப் போட்டா விடை 0.5 க்குக் கிட்ட வரவேணும்தானே? எனக்கு 0 வந்திட்டுது!

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கணினியில் செய்து பார்த்துவிட்டு அனுப்பிய கேள்வி. அவர் செய்தது இதுதான்:

```
from math import cos, sin
x = 1e-8
print((1 - cos(x)) / x**2)
print(2 * (sin(x/2) / x)**2)
```

முதல் வரி 0.0 என்று தரும், இரண்டாவது 0.5 என்று தரும். இரண்டும் ஒரே கோவையின் இரண்டு வடிவங்கள்!

நடந்தது என்னவென்றால், x = 0.00000001 ஆக இருக்கும்போது cos x, 1 இலிருந்து 0.00000000000000005 அளவுதான் குறைவு. கணினி ஒரு எண்ணுக்குக் கிட்டத்தட்ட 16 இலக்கங்கள்தான் வைத்திருக்கும். அந்தக் குறைவைக் குறித்துவைக்க இடமில்லாமல் cos x ஐ 1 என்றே எழுதிவிடுகிறது. பிறகு 1 − 1 = 0. தேவைப்பட்ட தகவல் கழிப்பதற்கு முன்பே தொலைந்துபோயிற்று, எவ்வளவு கவனமாக வகுத்தாலும் திரும்பி வராது. அரைக்கோண வடிவத்தில் கழித்தலே இல்லை, சிறிய எண்ணின் sin சிறிய எண்ணாகவே இருக்கிறது, ஒன்றும் தொலையவில்லை.

கணினி இல்லாதவர்கள் நான்கு இலக்க மடக்கைப் புத்தகத்தில் இருக்கும் sin, cos அட்டவணையில் இதையே பார்க்கலாம். எனக்கு அதுதான் கூடுதல் சுவை. ஒரு பாகைக்கு cos 1° = 0.9998. 1 − 0.9998 = 0.0002. x = 0.01745 ஆரையன், x² = 0.0003046. வகுத்தால் 0.657. அரைக்கு எங்கேயோ தூரம். இப்போது அரைக்கோணம்: sin 0.5° = 0.0087. வர்க்கித்து இரண்டால் பெருக்கினால் 0.0001514. அதே x² ஆல் வகுத்தால் 0.497.

அதே புத்தகம், அதே நான்கு இலக்கம். 0.9998 இல் முதல் மூன்று 9 களும் நமக்குப் பயனில்லை, கழித்தவுடன் அவை போய் ஒரே ஒரு நம்பத்தகுந்த இலக்கம்கூட முழுமையாக மிஞ்சுவதில்லை. 0.0087 இல் இரண்டு இலக்கங்கள் மிஞ்சுகின்றன. ஆகவே எண் போட்டுச் சரிபார்க்கும் பிள்ளைகள் x = 0.1 அல்லது 0.01 ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடை முதலில் 0.5 ஐ நோக்கிப் போய்ப் பிறகு திடீரென்று ஆடத் தொடங்கினால், பிழை கணக்கில் இல்லை, கழித்தலில்.

பரீட்சையில இப்பிடி நேரா வராதே. கொஞ்சம் முறுக்கி ஒண்டு செய்து காட்டுங்கோ.

x → 0 ஆகும்போது (1 − cos 4x)/(x sin 3x).

முதலில் 1 − cos 4x = 2 sin²2x. 4x இன் பாதி 2x, அதை அவசரப்படாமல் எழுதுங்கள். இனி ஒவ்வொரு sin க்கும் அதனதன் துணையைத் தேட வேண்டும். sin²2x க்குத் துணை (2x)² = 4x². sin 3x க்குத் துணை 3x.

2 sin²2x / (x sin 3x)

= 2 · [sin 2x / 2x]² · 4x² · [3x / sin 3x] / (x · 3x)

= (8/3) · [sin 2x / 2x]² · [3x / sin 3x]

x² எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிற்று. இரண்டு அடைப்பும் 1 ஐ நோக்கிப் போகின்றன. எல்லை 8/3.

இங்கே பிள்ளைகள் விடும் பிழை ஒன்றுதான், sin ஐயும் x ஐயும் சேர்த்து வெட்டுவது. "sin 2x இல் உள்ள x உம் கீழே உள்ள x உம் போய்விடும்" என்று ஒரு கொப்பியில் கண்டேன். sin இன் உள்ளே இருக்கும் x ஐ வெளியே உள்ள x ஓடு வெட்ட முடியாது. சோதிக்க x = 0.1 போடுங்கள்: 1 − cos 0.4 = 0.07894, x sin 3x = 0.1 × 0.29552 = 0.029552, வகுத்தால் 2.671. 8/3 என்பது 2.667. சரி.

√(1 − cos x) / x இன்ர எல்லை 1/√2 தானே? வர்க்கமூலம் எடுத்தாப் போச்சு.

வலப்பக்கத்திலிருந்து வந்தால் அப்படித்தான். இடப்பக்கத்திலிருந்து வந்தால்?

1 − cos x = 2 sin²(x/2). வர்க்கமூலம் எடுக்கும்போது √2 · sin(x/2) என்று எழுதுபவர்கள்தான் அதிகம். சரியானது √2 · |sin(x/2)|. வர்க்கமூலம் ஒருபோதும் மறையாக வராது. x > 0 ஆக இருந்தால் மட்டுக்குறியை எடுத்துவிடலாம், விடை √2 · 1/2 = 1/√2 ≈ 0.7071. x < 0 ஆக இருந்தால் |sin(x/2)| = −sin(x/2), விடை −1/√2. இரண்டு பக்கமும் வேறு வேறு எண்கள். ஆகவே x → 0 ஆகும்போது இந்த எல்லை இல்லை.

x = −0.1 போட்டுப் பாருங்கள். மேலே நேர் எண், கீழே மறை எண், −0.7068 வரும். ஊஞ்சலை முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும் பலகை மேலேதான் போகிறது, நாணின் நீளமும் எப்போதும் நேர். பக்கம் எது என்று சொல்வது கீழே இருக்கும் x மட்டும்தான். முதற்கணக்கில் அதை x² விழுங்கிவிட்டது, இதில் விழுங்க ஒன்றுமில்லை. வினாவில் x → 0⁺ என்று போட்டிருந்தால் 1/√2 என்று எழுதிவிட்டுப் போகலாம், அந்தச் சின்ன + குறியைத் தேடிப் பாருங்கள்.